ஒன்றரை ஏக்கரில் ஞாயிறு பண்ணைச் சுற்றுலா: 40 பேர் தாங்குமா?

முன்னீர்பள்ளத்தான்:
பாளையங்கோட்டையிலிருந்து அரைமணி நேரத்தில் வந்துவிடலாம். ஒரு ஏக்கரில் வாழை, மீதியில் தென்னை, ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு. ஞாயிறுதோறும் டவுன் குடும்பங்களை அழைத்து வண்டிச் சவாரி, பம்ப்செட் குளியல், மதியச் சாப்பாடு என்று ஆளுக்கு 400 ரூபாய் வாங்கலாமா? ஒரே நாளில் 40 பேர் தாங்குமா?

சேரன்மகாதேவி அக்கா:
24 பேருக்கு மேல் வேண்டாம் தம்பி. மூன்று வருடமாக நடத்துகிறேன். முதல் மாதம் நானும் 40 பேரை அழைத்தேன். வண்டியில் ஒரு தடவைக்கு எட்டுப் பேர்; ஏற, இறங்க, சுற்றிவர இருபது நிமிடம். ஐந்து நடை அடித்ததில் பதினொன்றரை ஆகிவிட்டது. மாடு நுரை தள்ளியது. காத்திருந்த பிள்ளைகள் செல்போனை எடுத்துவிட்டார்கள். இப்போது மூன்று நடைதான், பத்தரைக்குள் மாட்டை அவிழ்த்துவிடுவேன்.

அப்புறம், வாழையையும் தென்னையையும் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுவார்கள். பிள்ளைகளின் கைக்கு வேலை வேண்டும். நான் வைத்திருப்பது சிறுகீரை. நாலு பாத்தி, வாரத்துக்கு ஒன்றாக விதைப்பு. நாலாவது வாரம் வேரோடு பிடுங்கலாம் என்பதால் எந்த ஞாயிறும் ஒரு பாத்தி தயாராக இருக்கும். பிடுங்கிய இடத்தைக் கொத்தி, அன்று வந்த பிள்ளைகளே விதைப்பார்கள். விதையில் மணலைக் கலந்து கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பிடியும் ஒரே இடத்தில் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விதை அடித்துக்கொண்டு போகும். அந்த இரண்டு மாதம் நான் யாரையும் அழைப்பதில்லை.

வாய்க்கால்கரை:
வேட்டி நனையாமல் விவசாயம் பார்க்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் சரி. பக்கத்து வயல்காரன் கதையையும் கேளுங்கள். போன மாசியில் எங்கள் ஊரில் இப்படி ஒரு தோட்டத்துக்கு ஒன்பது கார் வந்தது. எல்லாம் வாய்க்கால் கரையில். எனக்குப் பிசான அறுப்பு. மெஷின் உள்ளே போக வழியில்லை. மணிக்கணக்கு வாடகை ஓடிக்கொண்டே இருந்தது. அதை யார் கொடுப்பது?

நெல்லை நாடோடி:
அண்ணாச்சி ஒரு நாள் கோபத்தை வைத்துப் பேசுகிறார். ஆபத்து என்றால் கிணறுதான், சுற்றிக் கயிறு கட்டினால் தீர்ந்தது. பம்ப்செட் கரண்ட் இலவசம், குளியலுக்குச் செலவே இல்லை. பதனீரும் கொடுங்கள், வருடம் முழுக்கக் கூட்டம் வரும்.

சேரன்மகாதேவி அக்கா:
கிணறு ஆபத்து என்றது சரி. ஆனால் நாலு வயதுப் பிள்ளை கயிற்றுக்கு அடியில் குனியாமலே போகும். நான் வாய் முழுக்க இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்கிறேன். கரண்ட் இலவசம் விவசாயத்துக்கு. காசு வாங்கிக் குளிக்க வைத்தால் மின்வாரியம் வேறு கணக்காகப் பார்க்கலாம். பதனீர் மாசி கடந்து ஆனி வரைக்கும்தான். புரட்டாசியில் எங்கே போய் இறக்குவது?

நெல்லை நாடோடி:
பதனீர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொட்டித் தண்ணீர் கடைசியில் வாழைக்குத்தானே பாய்கிறது? அதை எப்படி வியாபாரம் என்பார்கள்?

சேரன்மகாதேவி அக்கா:
அதை என்னிடம் கேட்டு என்ன செய்ய? நான் சோப்பு மட்டும் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

குற்றால மச்சான்:
ராத்திரி தங்க ஏசி அறை இல்லாமல் யார் வருவார்கள்? நாங்கள் இரண்டு அறை கட்டினோம், சீசன் முடிந்ததும் பூட்டித்தான் கிடக்கிறது.

முன்னீர்பள்ளத்தான்:
தங்கல் இல்லை அண்ணே, காலை வந்து சாயங்காலம் போவதுதான். அக்கா, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? கையில் என்ன நிற்கும்?

சேரன்மகாதேவி அக்கா:
உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், அவர்களே பிடுங்கிய கீரையில் கடைசல், மோர். அவ்வளவுதான். 24 பேருக்கு இரண்டு கிலோ அரிசி, முக்கால் கிலோ தொலி உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ எல்லாம் ஒரே பானையில். சாம்பார், பொரியல், பாயசம் என்று ஆரம்பித்தால் நீங்கள் அடுப்படியிலேயே கிடப்பீர்கள், பிள்ளைகளை யார் பார்ப்பது? காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை மதியத்துக்கு வைக்காதீர்கள். ஒரு தடவை வைத்து, ஊசிப்போய், அத்தனையையும் கொட்டினேன்.

பணம்: பெரியவர் 14 பேர் 400 வீதம் 5,600, பிள்ளைகள் 10 பேர் 250 வீதம் 2,500. மொத்தம் 8,100. சாப்பாடு 2,200, உதவிக்கு இரண்டு பெண்கள் 1,200, வண்டிக்காரர் 1,000, கழிப்பறையும் குடிதண்ணீரும் 400. போக 3,300 நிற்கும். முன்பணம் வாங்காமல் இருந்த காலத்தில் ஆறு பெரியவர்கள் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். 2,400 போனது, சமைத்ததும் மிஞ்சியது.

வாய்க்கால்கரை:
கணக்கெல்லாம் சரி அக்கா. 24 பேர் என்றால் ஆறு காராவது வரும். தம்பி, எங்கே நிறுத்தப்போகிறீர்கள்?

முன்னீர்பள்ளத்தான்:
தென்னந்தோப்புக்குள் நல்ல நிழல் இருக்கிறது அண்ணாச்சி.

வாய்க்கால்கரை:
தென்னைக்கு அடியிலா? மேலே காய் இருக்கிறதா இல்லையா?

முன்னீர்பள்ளத்தான்:
இருக்கிறது. அதை யோசிக்கவில்லை.