2011அ என்றா, 2011a என்றா? ஆண்டெழுத்து, வழிமேற்கோள்: கலைச்சொல் விவாதம்

ஆய்வு மாணவி, பென்னாகரம்

எல்லோருக்கும் வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகல் உள்ள ஊர்களைப் பற்றித் தமிழில் ஆய்வேடு எழுதுகிறேன். அடிக்குறிப்பு வேண்டாம், ஆசிரியர்-ஆண்டு முறையில் சான்று காட்டு என்று நெறியாளர் சொல்லிவிட்டார். இரண்டு இடத்தில் தடுமாறி நிற்கிறேன்.

முதலாவது, ஊர் விவரங்களுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளைப் பயன்படுத்துகிறேன். இரண்டு மாவட்டங்களுக்கும் பகுதி 12-அ, 12-ஆ என்று இரண்டிரண்டு. ஆக நான்கு தொகுதிகள், நான்குக்கும் ஆசிரியர் ஒரே இயக்ககம். நான்கையும் (இயக்ககம் 2011) என்று எழுதினால் எதைச் சொல்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் 2011a, 2011b என்று எழுத்துச் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த எழுத்துக்குத் தமிழில் என்ன பெயர்? எந்த எழுத்தைப் போடுவது?

இரண்டாவது, ஒருவர் 1972இல் எழுதிய கட்டுரை எனக்குக் கிடைக்கவே இல்லை. இன்னொரு பேராசிரியர் 2004இல் எழுதியதில் அதன் சில வரிகள் இருக்கின்றன. ஆய்வேட்டை இன்னும் கொடுக்கவில்லை, அதனால் முன்னவரை மூ, பின்னவரை பே என்று வைத்துக்கொள்கிறேன். பே 2004இல் எழுதிய இரண்டு கட்டுரைகள் என் பட்டியலில் உள்ளன. இப்படி ஒருவர் வழியாக இன்னொருவரை எடுத்துக்காட்டுவதற்கும் ஒரு சொல் வேண்டும். முறையியல் பத்தியில் இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

பதிப்பாசிரியர், ஓசூர்

தங்கச்சி, இது சுலபம். உரையில் எது முதலில் வருகிறதோ அதற்கு அ, அடுத்து வருவதற்கு ஆ. ஒரே பெயரில் இரண்டு ஆசிரியர்கள் வந்தாலும் இதே எழுத்தைப் போட்டுப் பிரித்துவிடலாம். பெயர் வேண்டுமென்றால் 'ஆண்டொட்டு' என்று வையுங்கள். ஆண்டோடு ஒட்டி வருகிறது, பொருத்தமாக இருக்கும்.

ஓய்வுபெற்ற நூலகர், கிருஷ்ணகிரி

ஓசூர்த் தம்பி சொல்வது சில இதழ்களின் சொந்த விதியில் உண்டு. ஆனால் பெரும்பாலோர் பின்பற்றும் ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பும் சிகாகோவின் ஆசிரியர்-ஆண்டு முறையும் அப்படிச் சொல்லவில்லை. எழுத்தைத் தீர்மானிப்பது நூற்பட்டியல்தான், உரை அல்ல. ஒரே ஆசிரியர், ஒரே ஆண்டு என்றால் தலைப்பை அகரவரிசைப்படுத்தி, அந்த வரிசையில் எழுத்துக் கொடுக்க வேண்டும். உரையின் வரிசைப்படி கொடுத்தால், மூன்றாம் இயலை இரண்டாம் இயலுக்கு முன்னால் நகர்த்திய அன்றே எல்லா எழுத்தும் மாறிவிடும். பட்டியலிலும் ஆ முன்னால், அ பின்னால் என்று நிற்கும்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் எழுத்து கூடவே கூடாது. நம் பக்கம் ஒரே பெயர், வேறு முன்னெழுத்து என்பது மிகச் சாதாரணம். உரையிலும் முன்னெழுத்தோடு எழுதினால் போதும். ஆண்டுக்குப் பின்னால் வரும் எழுத்து 'இது அதே ஆளுடைய இன்னொரு நூல்' என்று வாசகரிடம் சொல்கிறது. இரண்டு பேருக்கு அதைப் போட்டால் பொய் சொன்னதாகிவிடும்.

இப்போது அம்மா, உங்கள் நான்கு தொகுதிகள். எழுத்துப் போடும் முன் ஒன்றைப் பாருங்கள். தலைப்பில் உள்ள 2011 கணக்கெடுப்பு நடந்த ஆண்டு. உள்பக்கத்தில் வெளியீட்டாண்டு என்று தனியாக இருந்தால் அதைத்தான் போட வேண்டும். அது தொகுதிக்குத் தொகுதி வேறாக இருந்தால் உங்களுக்கு எழுத்தே தேவைப்படாது. நான்குக்கும் ஒரே ஆண்டுதான் என்று இப்போதைக்கு வைத்துக்கொண்டு போட்டுக் காட்டுகிறேன்.

தமிழ்ப் பட்டியலில் கிருஷ்ணகிரி முன்னால், தருமபுரி பின்னால். ஒரே மாவட்டத்துக்குள் பகுதி எண்ணின் வரிசை. எனவே கிருஷ்ணகிரி 12-அ என்பது 2011அ, கிருஷ்ணகிரி 12-ஆ என்பது 2011ஆ, தருமபுரி 12-அ என்பது 2011இ, தருமபுரி 12-ஆ என்பது 2011ஈ. தருமபுரியின் 12-அ தொகுதிக்கு ஆண்டெழுத்து இ என்பதைக் கவனியுங்கள். அச்சுப்படி பார்ப்பவர் தவறு என்று நினைத்துத் 'திருத்தி'விடுவார். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆய்வுச் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் கொடுப்பீர்கள் என்றால் அங்கே Dharmapuri முன்னால் போய்விடும். தமிழில் 2011அ ஆக இருந்த கிருஷ்ணகிரித் தொகுதி அங்கே 2011c. அ என்றால் a என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் மாவட்டமே மாறிவிடும்.

பெயரைப் பொறுத்தவரை 'ஆண்டொட்டு' எனக்கு ஒப்பவில்லை. '2011இல்' என்பதில் உள்ள 'இல்'லும் ஒட்டுதான். எது எந்த ஒட்டு என்ற குழப்பம் முதல் நாளே வரும். 'ஆண்டெழுத்து' என்று வைக்கலாம்.

தமிழாசிரியர், அரூர்

நூலகர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கும் இதே சிக்கல். எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை ஒரு சிறுநூலாகப் போட்டேன். சில ஆண்டுகள் கழித்து மறுபதிப்பும் வந்தது. இரண்டுக்கும் அ, ஆ போட வேண்டுமா?

'ஆண்டெழுத்து' நன்றாக இருக்கிறது. மற்றதற்கு 'வழிமேற்கோள்' என்ற சொல் மனதில் வருகிறது. ஆனால் நன்னூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. 'வழி' என்று சொன்னால் பே எழுதியது மூவின் நூலுக்கு வழிநூல் என்ற பொருள் வந்துவிடாதா? 'கேள்விமேற்கோள்' என்றால் என்ன?

நூலகர், கிருஷ்ணகிரி

ஐயா, உங்கள் இரண்டு பதிப்புக்கும் ஆண்டு வேறு. எழுத்து வேண்டியதில்லை, எந்தப் பதிப்பைக் கையில் வைத்துப் பார்த்தீர்களோ அதன் ஆண்டைப் போடுங்கள்.

'கேள்வி' என்றால் இன்றைக்கு வினா என்றுதான் படிப்பார்கள். வழிநூல் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. ஆனாலும் 'வழி'யை நான் விடமாட்டேன். காரணம், அது அடைப்புக்குள் அப்படியே உட்காருகிறது: (மூ 1972, பே 2004ஆ: 47 வழி). ஆங்கிலத்தில் நடுவில் மூன்று சொல் நுழைக்க வேண்டிய இடத்தில் தமிழுக்குக் கடைசியில் ஒரு சொல் போதும்.

அந்த அடைப்புக்குள் மூன்று செய்திகள் இருக்கின்றன. 1972 மூவின் ஆண்டு. ஆ என்பது பேயின் ஆண்டெழுத்து. 47 பேயின் பக்கம். பே தன் கட்டுரையில் மூவின் பக்க எண்ணைக் கொடுத்திருந்தால்கூட அதை எடுத்து எழுதாதீர்கள். நீங்கள் திறந்து பார்த்த பக்கம் 47 மட்டுமே. நூற்பட்டியலில் பே மட்டும் வரும், மூ வராது. ஆய்வேடுகளைப் புரட்டும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். உரையில் ஒரு பெயரும் இல்லாமல் பட்டியலில் மட்டும் பழைய அரிய நூல்கள் வரிசையாக நின்றால், அவை இன்னொருவருடைய பட்டியலிலிருந்து வந்தவை.

மென்பொருள் பணியாளர், காவேரிப்பட்டணம்

ஐயா, ஜொடேரோ என்ற மேற்கோள் மென்பொருளில் இதைச் செய்பவர்களுக்காக ஒரு குறிப்பு. எழுத்தைக் கையால் போட வேண்டாம். நடைக்கோப்பில் இந்த வரி இருந்தால் அதுவே போடும்:

```
<citation disambiguate-add-year-suffix="true">
```

நூற்பட்டியலின் வரிசைப்படியே எழுத்துக் கொடுக்கும். ஐந்தாவது தொகுதி புதிதாகச் சேர்ந்தால் எல்லாவற்றையும் தானே நகர்த்தும். வழிமேற்கோளுக்கு மூவைத் தனிப் பதிவாக உருவாக்கக் கூடாது, உருவாக்கிச் செருகினால் பட்டியலில் வந்துவிடும். பேயைச் செருகி, பக்கப் பெட்டியில் `47` என்றும் முன்னொட்டுப் பெட்டியில் `மூ 1972, ` என்றும் பின்னொட்டுப் பெட்டியில் ` வழி` என்றும் தட்டச்சு செய்தால் போதும்.

ஆனால் அது போடுவது a, b, c தான். அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வசதிக்காக மட்டும் சொல்லவில்லை. நாம் '2011இல்', '2011ஆம் ஆண்டு', '2011ஐ' என்று எழுதுகிறோம். ஆண்டெழுத்து ஆ, இ என்று வைத்தால் '2011ஆம்' என்பதில் எழுத்து எங்கே முடிகிறது, 'ஆம்' எங்கே தொடங்குகிறது? கோப்பில் '2011இ' என்று தேடிப் பாருங்கள், '2011இல்' எல்லாம் வந்து நிற்கும். சரி, க, ங, ச என்று போகலாம் என்றால் '2011க்கு' இருக்கிறது. போதாக்குறைக்குத் தமிழ் எண்ணில் ஒன்றின் வடிவமும் க போலத்தான்.

பதிப்பாசிரியர், ஓசூர்

இது நான் நினைக்காத கோணம். ஆனால் தமிழ் ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் a, b என்று வந்தால் அகரவரிசை தெரியாதவர்கள் எழுதியது போல இருக்கும். இடையில் ஒரு கோடு போட்டு 2011-ஆ என்று எழுதினால் என்ன?

மென்பொருள் பணியாளர், காவேரிப்பட்டணம்

அண்ணா, '2011-ஆம்', '2011-இல்' என்று கோடு போட்டு எழுதுகிறவர்களும் நிறையப் பேர். சிக்கல் கோட்டோடு சேர்ந்து வரும்.

நூலகர், கிருஷ்ணகிரி

தம்பி காட்டிய மோதல் உண்மையானது. அதற்காக எழுத்தை மாற்ற வேண்டாம், எழுதும் வழக்கத்தை மாற்றலாம் என்கிறேன். ஆண்டெழுத்து வந்த ஆண்டோடு எந்த உருபையும் ஒட்டக் கூடாது. '2011ஆஇல்' என்று யாரும் எழுத வேண்டாம். 'இயக்ககம் (2011ஆ) தரும் விவரப்படி' என்று அடைப்புக்குள்ளேயே நிறுத்துங்கள். அடைப்புக்குள் உருபுக்கு வேலை இல்லை, அதனால் அங்கே மோதல் இல்லை. தேடும்போதும் '2011இ)', '2011இ:' என்று அடுத்த குறியையும் சேர்த்துத் தேடினால் ஆண்டெழுத்து மட்டும் அகப்படும்.

கையால் எழுதுகிறவர்கள் வரைவு முடியும் வரை எழுத்தே போடாமல் [கிருஷ்-12அ], [தரும-12ஆ] என்று குறுக்கப் பெயர் வைத்துக்கொண்டு, பட்டியல் முடிந்த பிறகு மாற்றுங்கள். கடைசியில் எழுத்தில்லாத 'இயக்ககம் 2011' எங்காவது மிஞ்சியிருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் உரையில் ஒருமுறையாவது வருகிறதா என்று பார்த்தால் நழுவியவை தெரிந்துவிடும்.

ஆய்வு மாணவி, பென்னாகரம்

மிக்க நன்றி ஐயா. கையேடுகளின் உள்பக்கத்தை இன்றே பார்க்கிறேன். ஆண்டெழுத்து, வழிமேற்கோள் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன், எழுத்து அ, ஆ தான். காவேரிப்பட்டணம் அண்ணா மன்னிக்கணும், தேர்வாளர்கள் a, b-யைக் கேள்வி கேட்பார்கள்.

இன்னும் ஒன்று. மூ அதே 1972இல் ஒரு நூலும் எழுதியிருக்கிறார். அது என்னிடம் இருக்கிறது, நேரடியாகவே பயன்படுத்தியிருக்கிறேன். அப்படியானால் (மூ 1972) என்பது நூல். (மூ 1972, பே 2004ஆ: 47 வழி) என்பது நான் பார்க்காத கட்டுரை. பட்டியலில் மூ 1972 என்று இருப்பது நூல் மட்டும். வாசகர் இரண்டும் ஒன்று என்றுதானே நினைப்பார்?

பதிப்பாசிரியர், ஓசூர்

இரண்டுக்கும் 1972அ, 1972ஆ கொடுத்து, கட்டுரையையும் பட்டியலில் சேர்த்து, 'நேரில் பார்க்கவில்லை' என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

நூலகர், கிருஷ்ணகிரி

அதற்கு நான் உடன்படவில்லை. பட்டியலில் இல்லாததற்கு ஆண்டெழுத்து கிடையாது, பார்க்காதது பட்டியலில் வரக் கூடாது. உரையிலேயே 'மூ தமது 1972ஆம் ஆண்டுக் கட்டுரையில்' என்று தொடங்கி, கட்டுரையின் தலைப்பையும் சொல்லிவிட்டு, அடைப்புக்குள் (பே 2004ஆ: 47 வழி) என்று மட்டும் போடுங்கள். தலைப்பு வேறு என்பதால் குழப்பம் நீங்கும்.

தமிழாசிரியர், அரூர்

பே அந்தக் கட்டுரையின் தலைப்பையே கொடுக்காமல் விட்டிருந்தால்?

ஆய்வு மாணவி, பென்னாகரம்

கொடுக்கவில்லை ஐயா. '1972இல் மூ குறிப்பிட்டது போல' என்று மட்டும்தான் இருக்கிறது. அது கட்டுரை என்பதுகூட நெறியாளர் சொல்லித்தான் தெரியும். என்னிடம் உள்ள நூலில் அந்த வரிகள் இல்லை என்பதை மட்டும் முழுக்கப் படித்து உறுதி செய்திருக்கிறேன்.

நூலகர், கிருஷ்ணகிரி

அப்படியென்றால் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு எழுதி, நூலில் அந்த வரிகள் இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள் அம்மா. நெறியாளர் அடிக்குறிப்பு வேண்டாம் என்றாரே, இயல் இறுதியில் ஒன்றுக்கு இடம் தருவாரா என்று கேளுங்கள். அடைப்புக்குள் என்ன போடுவது என்பதற்கு வேறு யாரிடமாவது வழி இருந்தால் எழுதுங்கள்.