ஒரே என்சி, இரண்டு முறை எழுதினேன்

உள் ஆடிட்டர்
ஆடிட்டில் கண்ட குறையைப் பதிவு செய்யும் என்சி எழுதிய அனுபவம் உள்ளவர்கள் பகிருங்கள். முதலில் என்னுடையது.

கிரைண்டிங் லைனில் ஒரு மைக்ரோமீட்டர். ஸ்டிக்கரில் காலிபரேஷன் தேதி முடிந்து 41 நாள் ஆகியிருந்தது. "காலிபரேஷன் முறையாகப் பின்பற்றப்படவில்லை" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். அதை காலிபரேட் செய்தார்கள், ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்த கையெழுத்துத் தாளை இணைத்தார்கள், நானும் மூடிவிட்டேன். அடுத்த ஆடிட்டில் பக்கத்து லைனில் துளையின் விட்டத்தை அளக்கும் ஒரு போர் கேஜ், அதே கதை.

இந்த முறை இப்படி எழுதினேன்: "ஐஎஸ்ஓ 9001, பிரிவு 7.1.5.2-இன்படியும் எங்கள் கேஜ் நடைமுறையின்படியும் அளவுக் கருவிகளைக் குறித்த இடைவெளியில் காலிபரேட் செய்ய வேண்டும். கெடு முடிந்த கருவி திரும்பப் பெறப்படாமல் பயன்பாட்டில் உள்ளது. சான்று: போர் கேஜ் எண் 14, கெடு 3-ஆம் தேதி, 19-ஆம் தேதி முதல் ஷிஃப்ட் ஆய்வுத் தாளில் இதே கேஜால் எடுத்த 22 அளவுகள்."

அந்த 22 அளவுகளைக் குறிப்பிட்டதால், "சும்மா டிராயரில் கிடந்தது சார்" என்று யாரும் சொல்ல முடியவில்லை. "திரும்பப் பெறப்படாமல்" என்ற சொல்லால் கேள்வி ஆபரேட்டரை விட்டு கேஜ் ரூமுக்குப் போனது. அங்கே ஃபைலைத் திறந்தால், கேஜைத் திருப்பி அனுப்பச் சொல்லி மாதாமாதம் அனுப்பிய சீட்டுகளில் "இங்கே இல்லை" என்று எழுதித் திரும்பி வந்திருக்கிறது. ஒரு கேஜ் உடைந்தபோது வேறு லைனிலிருந்து இதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பட்டியலில் பழைய லைன் பெயர்தான். பயிற்சி கொடுத்து இதைச் சரிசெய்யவே முடியாது.

லைன் சூப்பர்வைசர்
எங்கள் ஆடிட்டர் ஒருமுறை என்சியில் ஆபரேட்டர் பெயரையே எழுதிவிட்டார். பையனுக்கு மெமோ வந்தது. அதன் பிறகு ஆடிட் என்றாலே சந்தேகமான கேஜை எல்லாம் பசங்க லாக்கரில் வைத்துவிடுகிறார்கள். சான்றில் கேஜ் எண் போதும், பெயர் எதற்கு? அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்
தேதி முடிந்துவிட்டால் அந்தக் கேஜில் அளந்த எல்லாப் பாகங்களையும் ரிஜெக்ட் செய்ய வேண்டும்தானே?

கேஜ் ரூம்
அந்தப் பாகங்களைத் திரும்பிப் பார்க்க நினைப்பது சரி, மொத்தமாக ரிஜெக்ட் செய்வது தவறு. தேதி முடிந்ததாலேயே கருவி தப்பாகக் காட்டும் என்றில்லை. கையில் வந்த நிலையிலேயே, ஜீரோவைத் தொடாமல், முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

எங்களிடம் ஒரு மைக்ரோமீட்டர் 20 மிமீ அளவில் 4 மைக்ரான் குறைவாகக் காட்டியது. பாகம் 20 மிமீ ஷாஃப்ட், h6, அதாவது 19.987 முதல் 20.000 வரை. தாளில் 20.000 என்று இருந்தால் உண்மையில் 20.004. ஆக, 19.996-க்கு மேல் பதிவானவை மட்டும்தான் மேல் எல்லையைத் தாண்டியவை. கடைசியாகச் சரியாக இருந்த காலிபரேஷன் நாளிலிருந்து தாள்களைப் புரட்டி அந்த லாட்டுகளை மட்டும் எடுத்து மறுபடி அளந்தோம். ஜீரோவை முதலிலேயே திருத்தியிருந்தால் எதைத் தேடுவது என்றே தெரிந்திருக்காது.

உள் ஆடிட்டர்
என் முதல் என்சியில் கோட்டைவிட்டது அதைத்தான். சரிசெய்த பிறகு வந்த சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டு மூடினேன். முந்தைய பாகங்கள் என்ன ஆயின என்று கேட்கவே இல்லை.

சான்றிதழ் பொறுப்பாளர்
எங்களுக்குப் போன முறை வெளி ஆடிட்டில் 3 மைனர் என்சி வந்தது. எண்ணிக்கையைக் குறைக்க என்ன வழி?

லைன் சூப்பர்வைசர்
சார், இங்கே பேச்சு உள் ஆடிட் பற்றி. அங்கே 3 வந்திருக்கிறது என்றால் உள் ஆடிட்டில் அந்த 3-இல் எத்தனை வந்தது என்று பாருங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்
போர் கேஜ் என்சியை எப்படிச் சரிபார்த்து மூடினீர்கள்?

உள் ஆடிட்டர்
கேஜ் இடம் மாறினால் கேஜ் ரூமில் எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும், "இங்கே இல்லை" என்று சீட்டு வந்தால் அன்றே தேட வேண்டும் என்று மாற்றினார்கள். திருத்திய நடைமுறையைக் காட்டினார்கள். நான் லைனுக்குப் போனேன். பட்டியலிலிருந்து 10 எண்களை எடுத்து லைனில் தேடினேன், பத்தும் சொன்ன இடத்தில் இருந்தன. பிறகு லைனில் கண்ணில் பட்ட 10 கேஜ்களைப் பட்டியலில் தேடினேன். ஒன்று பட்டியலிலேயே இல்லை, டூல் ரூமிலிருந்து நேராக வந்த ஸ்பேர். முதல் வழியில் மட்டும் பார்த்திருந்தால் அது சிக்கியே இருக்காது. அன்று மூடவில்லை.

கேஜ் ரூம்
மூட எவ்வளவு நாள் காத்திருப்பீர்கள்? எங்களுக்கு 30 நாள் கெடு. ஆனால் கேஜ்கள் 6 மாதத்துக்கு ஒருமுறைதான் திரும்பி வரும்.

உள் ஆடிட்டர்
எங்களிடமும் அதே இழுபறிதான். நடவடிக்கை எடுத்தாயிற்று என்பதை 30 நாளில் பதிந்துவிட்டு, பலன் தந்ததா என்பதைத் தனித் தேதியில் பார்க்கலாம் என்கிறேன். ரிப்போர்ட்டில் சிவப்பாகவே நிற்கும் என்று மேலே ஒத்துக்கொள்ளவில்லை. போர் கேஜ் 14-க்கு அடுத்த கெடு வரும்போது சீட்டு எந்த லைனுக்குப் போகிறது என்று பார்க்கத் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.