வைட்டமின் சி மாத்திரைப் பசை பூசியும் முடிச் சாயம் இறங்கவில்லை, உதவி தேவை

தென்காசி மலர், செவ்வாய் காலை

அவசரமாகக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே தலைமுடிக்குச் சாயம் பூசினேன். அடர் பழுப்பு வரும் என்று எதிர்பார்த்தேன்; கரியைப் போலக் கறுத்துவிட்டது. வைட்டமின் சி மாத்திரைகளைப் பொடித்துப் பசையாக்கிப் பூசினால் சாயம் இறங்கும் என்று படித்ததால், நேற்று இரவு பத்து மாத்திரைகளைப் பொடித்துப் பூசி ஊறவைத்துக் கழுவினேன். காதோரத்தில் மட்டும் செம்பட்டை தெரிகிறது, மற்ற இடங்களில் எந்த மாற்றமும் இல்லை. தலையும் எரிந்தது. அடுத்த புதன்கிழமை என் தங்கையின் திருமணம். இன்னும் எத்தனை மாத்திரைகள் போட வேண்டும்?

பரணி, செவ்வாய் காலை

எத்தனை மாத்திரைகள் என்பதற்கு முன் சில விவரங்களைச் சொல்லுங்கள், சகோதரி. பூசியது பொடியா, இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் கிரீமா? முடியின் நீளம் என்ன? நரை உண்டா? இதற்கு முன் மருதாணி பூசும் வழக்கம் இருந்ததா? மாத்திரையை எதில் குழைத்தீர்கள்? இவை தெரியாமல் பதில் சொன்னால் அது வெறும் ஊகமாகவே இருக்கும்.

இராமநாதன், செவ்வாய் காலை

அம்மா, வைட்டமின் சி உடலுக்கு நல்லது என்பதால் என் மனைவியும் தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். ஆறு மாதமாகியும் நரை குறையவில்லை. நீங்கள் கறுப்பாவதற்காக எடுத்துக்கொண்டீர்களா? எந்த வயதிலிருந்து சாப்பிட வேண்டும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

பரணி, செவ்வாய் காலை

ஐயா, அவர் கேட்பது சாப்பிடுவதைப் பற்றி அன்று. முடியின் மேல் பூசி, ஏறிவிட்ட சாயத்தை இறக்குவதைப் பற்றிக் கேட்கிறார்.

வேதியியல் ஆசிரியர், செவ்வாய் முற்பகல்

இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை என்பது வருத்தமாக இருக்கிறது. நிரந்தரச் சாயம் முடியின் உள்ளே பெராக்சைடோடு சேர்ந்து பெரிய மூலக்கூறாக மாறித் தங்குகிறது. வைட்டமின் சி அந்த மூலக்கூறின் நிறத்தைத்தான் எடுக்கும்; மூலக்கூறு உள்ளேயே இருக்கும். காற்றுப் பட்டால் மீண்டும் நிறம் வரும். பள்ளிப் பாடத்தில் ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் கவனித்துப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. மாத்திரைகளை வீணாக்க வேண்டாம்.

கோவை சரோஜா, செவ்வாய் முற்பகல்

எங்கள் வீட்டில் நன்றாகவே வேலை செய்தது. கல்லூரியில் படிக்கும் மகள் நுனியில் இளஞ்சிவப்புச் சாயம் பூசியிருந்தாள். பத்து மாத்திரைகளை ஷாம்புவோடு குழைத்துப் பூசினோம். ஒரே முறையில் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. ஆசிரியர் சொல்வதுபோல் நிறம் திரும்பவும் இல்லை.

தென்காசி மலர், செவ்வாய் நண்பகல்

மன்னிக்கவும், இவையெல்லாம் தேவைப்படும் என்று நினைக்கவில்லை. இரண்டு குழாய்களைக் கலக்கும் கிரீம், பெட்டியில் அடர் பழுப்பு என்றுதான் இருந்தது. அரை மணி நேரம் வைக்கச் சொன்னதை ஒரு மணி நேரம் வைத்துவிட்டேன். முடி இடுப்புக்குச் சற்று மேல் வரை இருக்கிறது. காதோரத்தில் நரை உண்டு. இரண்டு ஆண்டுகளாக மாதம் ஒருமுறை மருதாணி பூசி வந்தேன். இடையில் மூன்று நான்கு முறை கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடியையும் பூசியிருக்கிறேன். மாத்திரை, ஆரஞ்சுச் சுவையில் மென்று தின்னும் வகை. தண்ணீரில் குழைத்தேன். இருபது நிமிடங்களில் காய்ந்து உதிரத் தொடங்கியதால் கழுவிவிட்டேன்.

நெல்லையப்பன், செவ்வாய் பிற்பகல்

மாத்திரை எதற்கு? எலுமிச்சம்பழத்திலேயே வைட்டமின் சி இருக்கிறது. நான்கு பழங்களைப் பிழிந்து தலையில் தேய்த்து வெயிலில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். என் அண்ணனுக்கு முடி செம்பட்டையானது அப்படித்தான்.

பரணி, செவ்வாய் பிற்பகல்

எலுமிச்சைச் சாற்றில் 100 மில்லிக்குச் சுமார் 50 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரைக்கு ஈடாக ஒரு லிட்டர் சாறு வேண்டும். அதன் புளிப்பு பெரும்பாலும் சிட்ரிக் அமிலம். அது சாயத்தின் நிறத்தை எடுக்காது.

நெல்லையப்பன், செவ்வாய் பிற்பகல்

அப்படியானால் என் அண்ணன் முடி எப்படி வெளுத்தது?

பரணி, செவ்வாய் மாலை

அவர் சாயம் பூசியிருந்தாரா? இல்லையென்றால் வெளுத்தது அவருடைய இயற்கை நிறம். புளிப்பும் வெயிலும் சேர்ந்து அதைக் கொஞ்சம் வெளிறச் செய்யும். அது வேறு, சாயத்தை இறக்குவது வேறு. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் வரலாம், பின்பு அந்த இடம் கறுத்தும் போகலாம். கல்யாண வீட்டில் முன்நெற்றியில் அப்படி ஒரு தடம் வர வேண்டாம்.

நெல்லையப்பன், செவ்வாய் மாலை

வெயிலில்தான் எங்கள் தாத்தா காலத்திலிருந்து உட்காருகிறோம். யாருக்கும் கொப்புளம் வந்ததில்லை.

மதுரை கலா, செவ்வாய் இரவு

மலர், நான் மதுரையில் பதினான்கு ஆண்டுகள் அழகு நிலையத்தில் முடிச் சாய வேலை செய்தவள். உங்கள் விவரங்களைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த எரிச்சல். பசை இருந்தவரை எரிந்து, கழுவியதும் அடங்கியிருந்தால் அது புளிப்பின் வேலை. ஆனால் சாயம் பூசிய நாளிலிருந்தே காதுமடலிலும் கழுத்திலும் அரிப்பு இருந்தாலோ, கண்ணிமை வீங்கியிருந்தாலோ அது சாயத்தால் வந்த ஒவ்வாமை. அப்படியிருந்தால் எந்தப் பசையும் வேண்டாம், தோல் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்து, நேற்று ஏன் வேலை செய்யவில்லை என்பது. மென்று தின்னும் மாத்திரையில் பெரும்பங்கு சர்க்கரை. பல வகைகளில் வைட்டமின் சியும் பாதிக்கு மேல் புளிப்பு நீக்கிய சோடியம் உப்பாகவே இருக்கும். அட்டையின் பின்புறம் பார்த்தால் தெரியும். தண்ணீரில் குழைத்தால் பொடி முடியோடு ஒட்டாது. காய்ந்த பிறகு அது வெறும் தூள், ஈரம் இருக்கும்வரைதான் வேலை நடக்கும். இடுப்பளவு முடிக்குப் பத்து மாத்திரைகள் போதவும் போதா.

காதோரச் செம்பட்டையைப் பார்த்து வைட்டமின் சி முடியைக் கெடுத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்கே நரைமுடியின் மேல் இரண்டு ஆண்டு மருதாணி ஏறியிருக்கிறது. நீங்கள் பூசிய கறுப்பு கொஞ்சம் இறங்கியதும் அடியிலிருந்த மருதாணிச் சிவப்பு வெளியே தெரிகிறது. மருதாணி முடியின் புரதத்தோடே பிணைந்துகொள்ளும், இந்தப் பசைக்கு அது அசையாது. ஆகவே கறுப்பு இறங்க இறங்கக் காதோரம் இன்னும் சிவக்கும். அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் தொடருங்கள்.

மற்ற இடங்களில் கறுப்பு அடர் பழுப்பாகலாம், அவ்வளவுதான். சாயத்தோடு வந்த பெராக்சைடு உங்கள் இயற்கை நிறத்தையும் கொஞ்சம் வெளுத்திருக்கும். வைட்டமின் சி அதைத் திருப்பித் தராது. அதனால் வருவது பழைய முடி நிறமாக இல்லாமல் சற்றுச் சிவந்த பழுப்பாக இருக்கும். நுனியில் கறுப்பு மருதாணிப் பொடியும் படிந்திருப்பதால் அங்கே பெரும்பாலும் ஒன்றும் மாறாது. அந்தப் பொடிகளில் மருதாணியைவிடச் சாய வேதிப்பொருளே வேலை செய்கிறது. சிலவற்றில் உலோக உப்பும் உண்டு. அதனால், பொறுமையிழந்து யாராவது ப்ளீச் செய்யச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உலோக உப்பு ஏறிய முடியில் பெராக்சைடு பட்டால் முடி சூடேறி அறுந்து போகலாம்.

செய்யும் முறை இது. சுவையூட்டாத வெள்ளை மாத்திரை அல்லது தூய வைட்டமின் சியான அஸ்கார்பிக் அமிலப் பொடி வாங்குங்கள், பொடிதான் மலிவு. உங்கள் நீளத்துக்கு நான்கு தேக்கரண்டிப் பொடி, அரைக் கோப்பை ஷாம்பு. கண்டிஷனர் கலந்த ஷாம்பு வேண்டாம். இரும்பு, செம்புப் பாத்திரத்தைத் தவிர்த்துப் பீங்கான் கிண்ணத்தில், பூசும் நேரத்தில் மட்டும் கலக்குங்கள். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சிறு கற்றையில் பூசிப் பாருங்கள். நுரை பழுப்பாக மாறினால் சாயம் இறங்குகிறது. வெள்ளையாகவே இருந்தால் முழுத் தலைக்கும் பூசிப் பயனில்லை. முழுத் தலைக்கும் பூசும்போது முடி வெந்நீரில் நனைந்து ஈரமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையால் மூடி நாற்பது நிமிடம் விட்டு, பத்து நிமிடமாவது ஓடும் நீரில் அலசுங்கள். உப்புத் தண்ணீரில் நுரை சரியாக வராது. நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள். ஒருநாள் இடைவெளி விட்டு இரண்டாவது முறை செய்யலாம், மூன்றாவது வேண்டாம்.

வேதியியல் ஆசிரியர், செவ்வாய் இரவு

நீங்கள் அனுபவத்தைச் சொல்கிறீர்கள், நான் காரணத்தைச் சொன்னேன். நிறம் திரும்புமா திரும்பாதா என்பதற்கு நேரான பதில் இதில் இல்லை.

மதுரை கலா, புதன் காலை

திரும்புவதை நானும் பார்த்திருக்கிறேன், ஐயா. அவசரமாக அலசியவர்களுக்கு மறுநாளே ஒரு படி கறுத்திருக்கிறது. நன்றாக அலசிய சிலருக்கும் கொஞ்சம் திரும்பியது, சிலருக்குத் திரும்பவில்லை. ஏறி இரண்டு மூன்று நாட்களே ஆன சாயம் எளிதில் வெளியேறுகிறது, மாதக்கணக்கானது அசைவதில்லை. அதனால்தான் மலரைத் தாமதிக்க வேண்டாம் என்கிறேன். சரோஜா அக்காவின் மகள் பூசியது முடியின் மேற்புறத்தில் தங்கும் தற்காலிகச் சாயமாக இருக்கும். அதை இதோடு ஒப்பிட முடியாது.

கோவை சரோஜா, புதன் காலை

ஆமாம், பெராக்சைடு கலக்காத சாயம்தான். அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

தென்காசி மலர், ஞாயிறு இரவு

கலா அக்கா, அரிப்பு ஏதும் இல்லாததால் பொடி வாங்கிப் புதனும் வெள்ளியும் பூசினேன். முதல் முறை நுரை காப்பி நிறத்தில் வந்தது, இரண்டாவது முறை லேசாகத்தான். வெயிலில் பார்த்தால் அடர் பழுப்பு தெரிகிறது, வீட்டுக்குள் கறுப்பாகத்தான் இருக்கிறது. நுனி மாறவே இல்லை. காதோரம் நீங்கள் சொன்னபடி நன்றாகச் சிவந்துவிட்டது. அங்கே மட்டும் மறுபடி பழுப்புச் சாயம் தொட்டுக்கொள்ளலாமா?

மதுரை கலா, ஞாயிறு இரவு

இப்போது வேண்டாம். உள்ளே நிறமிழந்து தங்கியிருக்கும் சாயம் புதுச் சாயத்தின் பெராக்சைடு பட்டால் மீண்டும் கறுக்கும், மேலே புதுச் சாயமும் ஏறும். காதோரத்துக்குக் கழுவினால் போகும் முடி மை வாங்கிப் புதன்கிழமை காலையில் தொட்டுக்கொள்ளுங்கள். வியர்வையில் வழியும் என்பதால் கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும்.

வேதியியல் ஆசிரியர், திங்கள் காலை

வெள்ளிக்கிழமை அலசி முடித்தபோது இருந்த நிறத்துக்கும் இன்று காலை இருக்கும் நிறத்துக்கும் வேறுபாடு இருக்கிறதா? ஒரே சன்னலருகே, ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

பரணி, வெள்ளி இரவு

மலர், திருமணம் நல்லபடியாக முடிந்ததா? ஆசிரியர் கேட்டதற்கு நானும் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.