போட்டோகிராபருக்கு அட்வான்ஸ் தரும் முன்: கூகுள் லென்ஸ் போதுமா?

தை மாசத் தங்கை: அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம். ஒரு போட்டோகிராபரின் வெப்சைட் பார்த்தோம், படங்கள் பிரமாதம், ரிவ்யூ 4.9. மொத்தம் 1,20,000, அட்வான்ஸ் 50,000 கேட்கிறார். கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

லென்ஸ் தம்பி: இரண்டு நிமிட வேலை. அவர் சைட்டில் உள்ள படங்களைக் கூகுள் லென்ஸில் போடுங்கள். வேறு எங்கேயும் வரவில்லை என்றால் அவர் எடுத்ததுதான். என் கல்யாணத்துக்கு 12 படம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, அன்றைக்கே பணம் அனுப்பிவிட்டேன். ஆளாளுக்கு இதை ஒரு பெரிய ஆராய்ச்சியாக்குகிறார்கள்.

ஆல்பம் மேசை: 12 படம் போட்டாராம், ஒன்றும் வரவில்லையாம், முடிந்ததாம். தம்பி, பத்து வருடமாகக் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன், பல ஸ்டுடியோக்களின் மொத்தப் படமும் என் மேசைக்கு வருகிறது. திருட்டுப் படம் போடுகிறவன் கொஞ்சம்தான். மற்றவர்கள் போடுவது சொந்தப் படம், ஆனால் கல்யாணத்தில் எடுத்தது இல்லை. ஒர்க்‌ஷாப் என்று நடத்துவார்கள். ஒரு மாடல் பெண்ணுக்குப் பட்டுப்புடவை கட்டி, ஜடை அலங்காரம் செய்து, நல்ல வெளிச்சத்தில் நிறுத்துவார்கள். காசு கட்டி வந்த இருபது பேரும் அதே பெண்ணைச் சுற்றி நின்று எடுப்பார்கள். இருபது சைட்டிலும் அதே மணப்பெண், ஆனால் ஒவ்வொருவரும் அழுத்தியது அவரவர் கேமரா. லென்ஸ் இதில் எதைக் கண்டுபிடிக்கும்? அந்தப் படங்களை நன்றாகப் பாருங்கள். பின்னால் ஒரு அத்தை கூட நடந்து போக மாட்டார், அக்னி இருக்காது, பெண்ணின் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இருக்காது.

லென்ஸ் தம்பி: மேடம் ஆல்பம் *வடிவமைப்பவர்*, படம் எடுப்பவர் இல்லை. என் கேள்வி சின்னது. லென்ஸில் வந்தால் திருட்டா இல்லையா?

பெண்ணைப் பெற்றவன்: மண்டபமும் இதே கதைதான். சைட்டில் ‘டைனிங் 500 பேர்’ என்று போட்டிருந்தான். நேரில் எண்ணினால் ஒரு பந்திக்கு 120 இலை. மற்றவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, சாப்பிடுகிறவர் எப்போது எழுந்திருப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முகூர்த்த நாளில் போய்ப் பார்த்ததால் தப்பித்தேன். ஜெனரேட்டர் டீசல் தனி, அதைப் பற்றி சைட்டில் ஒரு வரி கிடையாது.

கட்டுச்சோறு: ஜிஎஸ்டி எண் கேளுங்கள். இல்லை என்றால் டுபாக்கூர். அவ்வளவுதான்.

ஆல்பம் மேசை: அப்படியில்லை. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் தாண்டவில்லை என்றால் இங்கே பதிவே கட்டாயமில்லை. ஒற்றை ஆளாக நல்ல வேலை செய்கிற பையன்கள் பலரிடம் எண் இருக்காது. எண் கொடுத்தால் மட்டும் gst.gov.in போய்ப் போடுங்கள், பதிவான பெயரும் தேதியும் வரும். ‘15 வருட அனுபவம்’ என்பவர் போன வருடம்தான் பதிவு செய்திருந்தால் ஏன் என்று கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான், அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

தங்கச்சி, நீ கேட்க வேண்டியது ஒன்றுதான். ஒரே ஒரு கல்யாணம், முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு முதல் மறுநாள் பந்தி வரை, முழுசாகக் காட்டச் சொல். பொறுக்கியெடுத்த 30 படம் வேண்டாம், அந்த வீட்டாருக்குக் கொடுத்த அத்தனையும். அதில் மூன்று இடத்தில் நிறுத்திப் பார். முதலில் தாலி கட்டும் நேரம். நாலரை மணி முகூர்த்தம், கெட்டிமேளம், அட்சதை பறக்கிறது, நாத்தனார் கை குறுக்கே வருகிறது, வீடியோக்காரன் லைட் ஒரு பக்கம். அங்கே முடிச்சும் முகமும் தெளிவாக இருக்கிறதா? அப்புறம் ரிசப்ஷன் மேடை. ஊதா எல்இடி போட்டிருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் மனிதர்களின் தோல் தோல் நிறத்தில் இருக்கிறதா, கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறதா? கடைசியாக மேடையில் எடுத்த குடும்பப் படம். பின் வரிசைத் தாத்தா முகம் மங்கியிருந்தால் ஆள் அவசரக்காரர். சைட்டுக்குப் போகும் படத்தில் இதெல்லாம் வராது.

கேமராக்காரன்: நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் முழுவதையும் யாரோ ஒருவருக்கு அனுப்ப முடியாது அக்கா. நாளைக்கு உங்கள் படத்தையும் இப்படி ஊரெல்லாம் அனுப்பினால் ஒத்துக்கொள்வீர்களா? மறுத்தால் உடனே ஃப்ராடு பட்டம்.

ஆல்பம் மேசை: அனுப்பச் சொன்னது யார்? ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு உங்கள் திரையில் காட்டுங்கள். அதுவும் முடியாதென்றால் அந்த வீட்டாரைக் கேட்டுவிட்டு அவர்கள் நம்பரைக் கொடுங்கள். இரண்டும் முடியாதென்றால் என்னதான் முடியும்?

கேமராக்காரன்: ஞாயிற்றுக்கிழமை வந்து மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு, காபியும் குடித்துவிட்டு, ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று போகிறவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

லென்ஸ் தம்பி: ரிவ்யூ 4.9 என்று தங்கை சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. லென்ஸும் ரிவ்யூவும் சேர்ந்தால் போதாதா?

ஆல்பம் மேசை: 4.9 கதை சொல்கிறேன் கேள். போன ஆவணியில் என்னிடம் ஆல்பத்துக்கு வந்த ஒரு குடும்பம் 40,000 அட்வான்ஸ் கொடுத்திருந்தது. ரிவ்யூ பிரமாதம். கல்யாணத்தன்று வந்தது முன்பின் பார்க்காத இரண்டு பையன்கள், பேசியவர் வரவே இல்லை, அன்று அவருக்கு வேறு இரண்டு கல்யாணம். படம் என் மேசைக்கு வந்தபோது சந்தேகப்பட்டு அந்த ரிவ்யூக்களைப் பழையது வரை தள்ளிப் பார்த்தேன். புதியதெல்லாம் ஒரே வாரத்தில் விழுந்தவை. எழுதியவர் பெயரைத் தொட்டால் அவர் வேறு எதற்கும் ரிவ்யூ எழுதியதே இல்லை. பழையதில் ஒருவர் ‘பப்ஸ் சூடாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறார். அது ஒரு பேக்கரியின் பக்கம். பெயரை மாற்றி ஸ்டுடியோ ஆக்கிவிட்டார்கள், நட்சத்திரம் அப்படியே கூடவே வந்துவிட்டது.

லென்ஸ் தம்பி: பப்ஸ். சரி. லென்ஸுக்கும் பப்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

கட்டுச்சோறு: தம்பி, நீங்கள் போன வருடம் இங்கே ஒரு கேட்டரிங் சொன்னீர்களே, ரிவ்யூ பார்த்துச் சொல்கிறேன் என்று. அந்த வெண்பொங்கலை இன்னும் மறக்கவில்லை. சுவரில் எறிந்தால் சுவர் உடையும்.

லென்ஸ் தம்பி: 300 பேருக்குச் சொல்லிவிட்டு 450 பேரை அழைத்து வந்தது யார்? அதை எழுதுங்கள் முதலில்.

கட்டுச்சோறு: 400.

பெண்ணைப் பெற்றவன்: அட்வான்ஸ் திரும்ப வாங்குவது எப்படி என்றுதானே கேள்வி?

தை மாசத் தங்கை: இல்லை சார், இன்னும் கொடுக்கவே இல்லை. லென்ஸ் போட்டோம். ஒரு படம் கோயம்புத்தூரில் வேறொரு ஸ்டுடியோவின் பக்கத்திலும் இருக்கிறது. கேட்டால் ‘அவர்களுக்காக நான் போய் எடுத்ததுதான்’ என்கிறார்.

லென்ஸ் தம்பி: வந்ததா இல்லையா? நன்றி. வணக்கம்.

ஆல்பம் மேசை: எதற்கு வணக்கம்? அவர் சொல்வது உண்மையாக இருந்தால் உன் லென்ஸ் ஒரு நல்ல ஆளைத் திருடனாக்கியிருக்கிறது. ஸ்டுடியோக்கள் வெளி ஆட்களைத் தினக்கூலிக்கு அழைப்பது தினமும் நடக்கிறது. தங்கச்சி, அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டச் சொல். எடுத்தவரிடம் அந்த வரிசை இருக்கும்.

கேமராக்காரன்: இருக்காது அக்கா. வெளி வேலைக்குப் போனால் மெமரி கார்டை அன்றிரவே ஸ்டுடியோவிடம் கொடுத்துவிட்டு வருவோம். என்னிடமே பாதி கிடையாது.

ஆல்பம் மேசை: அப்படியானால் கோயம்புத்தூர் ஸ்டுடியோவுக்கு ஒரு போன் போடட்டும். அதோடு, முகூர்த்தத்துக்கு வரப்போவது யார் என்று பெயரோடு எழுதி வாங்கட்டும்.

கேமராக்காரன்: அந்த ஸ்டுடியோ, தன்னிடமிருந்து பிரிந்துபோன ஆளைப் பற்றி நல்லதாகச் சொல்லுமா?

லென்ஸ் தம்பி: ஆக லென்ஸ் போட்டதால்தான் இந்தக் கேள்வியே வந்தது. அதை மட்டும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

கட்டுச்சோறு: 400 பேர்தான். பந்தி எண்ணிக்கை என்னிடம் இன்னும் இருக்கிறது.