கிரீன் டீ கேப்சூல் லேபிள்: இ.ஜி.சி.ஜி. அளவைத் தெரிந்துகொள்ள உதவுங்கள்

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். அம்மா சாப்பிடும் கிரீன் டீ கேப்சூலில் இரண்டு பிராண்டு வீட்டில் இருக்கின்றன.

ஒன்றில் '500 மி.கி., 10:1 சாறு' என்று மட்டும் இருக்கிறது. 10 கிலோ இலைக்கு 1 கிலோ சாறு, அதாவது ஒரு கேப்சூலுக்கு 5 கிராம் இலை. ஆனால் பச்சை இலையா, காய்ந்த இலையா என்று போடவில்லை. இங்கே ஃபேக்டரியில் ஒரு கிலோ தூளுக்கே நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போகும். அது பச்சை இலைக் கணக்கென்றால், காய்ந்த இலைக்கு அந்த 10:1 வெறும் 2.5:1கூட வராது. சாறில் என்ன சத்து எவ்வளவு என்பதும் இந்த விகிதத்தில் தெரியாது.

இன்னொன்றில் '400 மி.கி., பாலிஃபீனால் 50%'. அதாவது 200 மி.கி. பாலிஃபீனால். இது எவ்வளவோ தெளிவு. ஆனாலும் அதில் கிரீன் டீயின் முக்கியமான பாலிஃபீனாலான இ.ஜி.சி.ஜி. எவ்வளவு என்று தனியாக இல்லை. எனக்கு வேண்டியது அந்த எண்தான். மாத்திரையாக ஒரு நாளைக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் இ.ஜி.சி.ஜி. போனால் கல்லீரல் என்சைம் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது.

கம்பெனியிடம் அந்த பேட்ச்சில் எந்தச் சத்து எவ்வளவு என்று அளந்து காட்டும் ஹெச்.பி.எல்.சி. லேப் ரிப்போர்ட் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிக் கேட்டீர்கள்? வெளி லேபில் ஒரு பாட்டிலை மட்டும் கொடுத்துப் பார்க்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கிறோம்.