நாயைத் தடவினால் மன அழுத்தம் குறைகிறதா? நாடித்துடிப்பு இறங்கியது, கேள்வித்தாள் அசையவில்லை. எங்கே தவறு?

கோவை மாணவி

எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு. நாயைத் தடவிக்கொடுத்தால் கல்லூரி மாணவர்களின் மன அழுத்தம் குறைகிறதா என்பதுதான் என் ஆய்வு. முன்னோட்டமாக 12 பேரை வைத்துச் செய்து பார்த்தேன். எங்கள் துறை இரண்டாம் மாடியில். ஒவ்வொருவரும் வந்ததும் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டி நாடித்துடிப்பைக் குறித்தேன், மன அழுத்தத்தை அளக்கும் பி.எஸ்.எஸ்-10 கேள்வித்தாளை நிரப்பச் சொன்னேன். பிறகு பாயில் உட்கார்ந்து, தோழியின் லாப்ரடார் பிரவுனியை 15 நிமிடம் தடவினார்கள். முடிந்ததும் அதே இரண்டையும் மறுபடி எடுத்தேன்.

நாடித்துடிப்பு சராசரி 91இலிருந்து 80க்கு இறங்கியது. கேள்வித்தாள் மதிப்பெண் மட்டும் முன்பும் 21, பின்பும் 21. உடல் அமைதியானது, மனம் ஆகவில்லை என்று எழுதலாமா? வழிகாட்டி கூடாது என்கிறார், ஏன் என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் 40 பேரை வைத்து முழு ஆய்வு தொடங்க வேண்டும்.

லேப் ராஜா

கேள்வித்தாளை விட்டுவிடுங்கள். ஆளாளுக்கு ஒன்று எழுதுவார்கள். உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலை அளந்தால்தான் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தடவி முடித்த கையோடு மாதிரி எடுத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

எண்மணி

மாணவி, உங்கள் வழிகாட்டி சொல்வது சரி. இரண்டு அளவிலும் கோளாறு இருக்கிறது, ஆனால் வேறு வேறு கோளாறு.

பி.எஸ்.எஸ்-10 கேள்விகளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் "கடந்த ஒரு மாதத்தில்" என்றுதான் தொடங்கும். 15 நிமிடம் நாயோடு இருந்ததால் போன மாதம் மாறிவிடாதே! 21 அப்படியே நின்றது கேள்வித்தாள் ஒழுங்காக வேலை செய்ததற்கு அடையாளம். உங்களுக்கு வேண்டியது "இந்த நொடியில் எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்கும் அளவு. 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றைப் போட்டு, இடது முனை "துளியும் பதற்றம் இல்லை", வலது முனை "தாங்க முடியாத பதற்றம்" என்று எழுதி, ஒரு கோடு கிழிக்கச் சொன்னாலே போதும். ஸ்கேலால் அளந்துகொள்ளலாம்.

நாடிக்கு வருவோம். இரண்டு மாடி ஏறி வந்தவருக்கு உடனே அளந்தால் 91 வரத்தான் செய்யும். பிறகு கால் மணி நேரம் பாயில் உட்கார்ந்தால் நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்கும். சந்தேகம் இருந்தால் நாளைக்கே ஐந்தாறு பேரை நாயில்லாமல் உட்கார வைத்துப் பாருங்கள்.

லேப் ராஜா, கார்டிசால் நல்ல அளவுதான். ஆனால் மனத்தில் நடப்பது உமிழ்நீரில் தெரிய ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். முடித்த கையோடு எடுத்தால் அவர் மாடி ஏறிய நேரத்தைத்தான் அளப்பீர்கள். தவிர, எழுந்த அரை மணியில் உச்சிக்குப் போய் நாள் முழுக்க இறங்கும் பொருள் அது. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று எடுத்தால் கணக்கே கலைந்துவிடும். முதுகலை மாணவியின் கைக்காசுக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து.

அப்பா ஒருவர்

என் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு, தேர்வு என்றாலே தூக்கம் போய்விடுகிறது. இதைப் படித்ததும் ஒரு நாய்க்குட்டி வாங்கித் தரலாமா என்று தோன்றுகிறது. எந்த இனம் நல்லது?

கோவை மாணவி

ஐயா, நான் பார்ப்பது 15 நிமிடத்தில் நடக்கும் மாற்றத்தை மட்டும்தான். வீட்டில் நாய் வளர்ப்பதைப் பற்றி இதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. தம்பியைக் கல்லூரி ஆலோசகரிடம் ஒருமுறை அழைத்துப் போங்கள்.

எண்மணி சார், செய்து பார்த்துவிட்டேன். ஆறு பேர், அதே பாய், நாய் இல்லை. 90இலிருந்து 81. கிட்டத்தட்ட அதே இறக்கம். இரவெல்லாம் மனசு கேட்கவில்லை. அப்படியானால் ஒப்பீட்டுக் குழு என்ன செய்ய வேண்டும்? சும்மா உட்கார்ந்தால் போதுமா?

எண்மணி

முன்னோட்டம் எதற்கு இருக்கிறதோ அதைச் செய்துவிட்டது. இனி எல்லோரையும் முதலில் 10 நிமிடம் உட்கார வைத்து, அதன் பிறகே முதல் அளவை எடுங்கள். ஆக்சிமீட்டர் தடவாத கையில் இருக்கட்டும், விரல் அசைந்தால் எண் துள்ளும்.

ஒப்பீட்டுக் குழுதான் இந்த ஆய்வின் உயிர். அமெரிக்காவில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை நான்காகப் பிரித்தார்கள். ஒரு குழு 10 நிமிடம் நாய், பூனைகளைத் தடவியது, ஒன்று பிறர் தடவுவதைப் பார்த்தது, ஒன்று அதே விலங்குகளின் படங்களைப் பார்த்தது, ஒன்று காத்திருந்தது. தொட்டவர்களின் கார்டிசால்தான் மற்ற மூன்று குழுவையும் விடக் குறைவு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 284 பேரை வைத்து, நாயைத் தொடுவது, தொடாமல் கூட இருப்பது, நாயை அழைத்து வருபவரோடு மட்டும் பேசுவது என்று பிரித்தார்கள். மூன்று குழுவிலும் சில அளவுகள் மேம்பட்டன, எல்லா அளவிலும் மேம்பட்டது தொட்டவர்கள் மட்டும்.

உங்கள் அறையில் பிரவுனியோடு தோழியும் இருந்தாரே? அன்பாக இரண்டு வார்த்தை பேசும் ஆள் இருந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும். ஆகவே ஒப்பீட்டில் தோழி இருக்கட்டும், பாய் இருக்கட்டும், நாய் மட்டும் வேண்டாம். அப்போதுதான் வித்தியாசம் நாயினுடையது.

40 பேரை இரண்டாகப் பிரித்தால் போதுமா என்று ஆர் புள்ளியியல் மென்பொருளில் பாருங்கள்:

```
power.t.test(n=20, delta=0.5, sd=1)
power.t.test(n=40, delta=0.5, sd=1, type="paired")
```

முதல் வரி ஏறக்குறைய 0.34 தரும். நடுத்தர அளவில் உண்மையாகவே பலன் இருந்தாலும் மூன்றில் ஒரு முறைதான் உங்கள் கண்ணில் படும். 0.80 வேண்டுமானால் குழுவுக்கு 64 பேர். இரண்டாம் வரி, அதே ஆள் ஒரு நாள் நாயோடும் ஒரு நாள் நாயில்லாமலும் வந்தால். ஒருவரின் இரு நாள் அளவுகள் ஓரளவு ஒத்துப்போனால் 40 பேர் தாராளம். ஒரு வாரம் இடைவெளி, அதே நேரம், யாருக்கு எந்த நாள் முதலில் என்பது குலுக்கலில்.

லேப் ராஜா

கார்டிசால் நேரத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு நாள் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. முதல் வாரம் நாயோடு விளையாடியவர் அடுத்த வாரம் வெறும் பாயைப் பார்த்தால் முகம் வாடாதா? அந்த ஏமாற்றமே கோட்டில் ஏறும், நாய்க்கு உரியதல்லாத பெருமை கிடைக்கும்.

எண்மணி

நியாயமான பயம். முதல் நாள் அளவுகளை மட்டும் தனியாகப் போட்டு, அந்த முடிவும் இரண்டு நாளையும் சேர்த்த முடிவும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பார்க்கலாம். முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். நாய் இருப்பதை யாரிடமிருந்தும் மறைக்க முடியாது அல்லவா.

நாமக்கல் கால்நடை

யாரும் பிரவுனியைக் கேட்கவில்லையே. 12 பேரும் ஒரே நாளிலா? ஒன்பதாவது, பத்தாவது ஆளின்போது அது முகத்தைத் திருப்பியதா, வாய்க்கு எதுவும் வராமலே உதட்டை நக்கியதா, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விட்டதா? அது போதும் என்று சொல்லும் விதம். நாய் களைத்த பிறகு வந்த மாணவருக்குக் கிடைத்தது வேறு நாய். ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம், நடுவில் தண்ணீரும் ஓய்வும், அது எழுந்து போனால் அந்த அமர்வு அதோடு முடிய வேண்டும். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழை நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் தாள்களோடு சேர்த்துவிடுங்கள். விடுதி வாசலில் திரியும் நாயை இதற்குப் பிடித்து வராதீர்கள். நாய்க்கடி பட்ட பிள்ளைகளையும் ஒவ்வாமை உள்ளவர்களையும் முன்கூட்டியே கேட்டு விலக்குங்கள்.

கோவை மாணவி

ஒரே நாளில்தான் டாக்டர். பத்தாவது ஆள் வந்தபோது பாயின் ஓரத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. நான் அதை இழுத்து நடுவில் கொண்டு வந்தேன். இனி அப்படிச் செய்ய மாட்டேன்.

40 பேர், இரண்டு நாள், 100 மி.மீ. கோடு, தோழி இரண்டு நாளும் உண்டு என்று திட்டத்தை மாற்றி எழுதிவிட்டேன். நாளைக்கு நான்கு பேர் என்றால் நாய் அமர்வுகளுக்கு மட்டும் பத்து நாள் ஆகிறது, தேர்வுக்கு முன்னால் முடித்துவிடலாம். ஒன்றுதான் உறுத்துகிறது. இருப்பது ஒரே நாய். முடிவில் நாய்களைப் பற்றி எழுதுவதா, பிரவுனியைப் பற்றி எழுதுவதா?

எண்மணி

பிரவுனியைப் பற்றித்தான். இரண்டாவது நாய் கிடைத்தால் பாதிப் பேருக்கு அதைக் கொடுங்கள். அப்போதும் இரண்டு நாய்தான். அருகில் யாரிடமாவது சாதுவான நாய் இருக்கிறதா?

நாமக்கல் கால்நடை

கோவையில் என் வகுப்புத் தோழர் ஒருவரிடம் எட்டு வயது கோல்டன் ரெட்ரீவர் இருக்கிறது. கேட்டுச் சொல்கிறேன்.