புதுப்பிப்பு: பொருத்த மதிப்பெண்

முன்பு கேட்டது: "கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழர்களுக்கான சின்ன டேட்டிங் ஆப். 90%க்கு மேல் பொருந்தும் ஜோடிகள்கூடப் பேசுவதில்லை. கணக்கில் என்ன கோளாறு?"

பாலக்காட்டு அண்ணன் ஒருவர், இரு பக்கத்தையும் தனித்தனியாகக் கணக்கிடச் சொன்னார். ஒரு ஜோடியை எடுத்துப் பார்த்தேன். இருவரும் பதில் சொன்ன கேள்விகள் மூன்றே. பெண் விரும்பிய பதில்கள் எவ்வளவு முக்கியம் என்று அவர் தந்த எடை மொத்தம் 61. பையன் அதில் 60 பெற்றார், அதாவது 98%. பையனின் எடை 60. பெண்ணுக்குக் கிடைத்தது 10, அதாவது 17%. கல்யாணத்துக்குப் பிறகு கோவைக்குக் குடிமாற வேண்டும் என்பது பையனுக்கு 50 எடை, பெண்ணுக்கு அதில் விருப்பமே இல்லை. சராசரி 58% என்று இதை மறைத்துவிடுகிறது. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 40%.

"கேள்விகளைக் கூட்டுங்க, சரியாயிடும்" என்றார் இன்னொருவர். பாதி சரி. மூன்றே கேள்வி என்றால் நூற்றில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, உச்சம் 67% என்று வைப்பது நல்லது. ஆனால் "பயணம் பிடிக்குமா?" என்பதற்கு எல்லோரும் ஆம் என்கிறார்கள், அப்படிப்பட்ட கேள்வி எத்தனை சேர்த்தாலும் எல்லா ஜோடிக்கும் மதிப்பெண் ஏறும், யாரையும் பிரித்துக் காட்டாது.

ஒரு அக்கா தன் ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம் இருந்ததைச் சொன்னார். அது வேறு கணக்கு, அக்கா.

அப்புறம், எண்ணைக் காட்டவே வேண்டுமா? ஓகேகியூபிட் டேட்டிங் தளம், 30% மட்டுமே பொருந்தும் ஜோடிகளிடம் 90% என்று சொல்லிப் பார்த்ததை 2014இல் வெளியிட்டது, பேச்சு கூடியிருந்தது. அப்படியானால் பேச்சை வைத்து மதிப்பெண்ணைச் சோதிப்பதே சந்தேகம். பாதிப் பேருக்கு எண்ணை மறைத்துப் பார்க்கப் போகிறேன்.